மூன்று ஷிப்ட், மூன்று சூப்பர்வைசர், ஒரு மார்க்

சுழற்சி முறையில் ஷிப்ட் மாறி வேலை செய்பவருக்கு மேலதிகாரி ஒருவர் அல்ல. இந்த வாரம் பகலில் ஒருவரிடம், அடுத்த வாரம் சாயங்காலம் இன்னொருவரிடம், அதற்கடுத்த வாரம் ராத்திரி மூன்றாமவரிடம் என்று அவர் மாறிக்கொண்டே இருக்கிறார். சம்பள உயர்வுக்கோ பதவி உயர்வுக்கோ மதிப்பெண் போடும் நாள் வரும்போது, அவருடைய வேலையை முழுசாகப் பார்த்தவர் யாருமே இருப்பதில்லை. ஆளுக்கு ஒரு துண்டைப் பார்த்திருக்கிறார்கள். அந்தத் துண்டுகளை எப்படிச் சேர்க்கிறார்கள் என்பதைப் பொறுத்துத்தான் மதிப்பெண் நியாயமாகிறது, அல்லது அநியாயமாகிறது. அவற்றைச் சேர்க்கப் பெரும்பாலோர் கையாளும் வழி சராசரி எடுப்பது. பார்வைக்கு நடுநிலையாகத் தெரியும் அந்த வழியே நல்ல தொழிலாளியைக் கீழே தள்ளிவிடக் கூடியது.

இதை விளங்கிக்கொள்ள, கோவை, திருப்பூர், திண்டுக்கல் வட்டாரங்களில் நிறைந்திருக்கும் நூற்பாலைகளில் ஒன்றைக் கற்பனை செய்துகொள்ளலாம். அதிலும் ரிங் ஃப்ரேம் பிரிவை மட்டும் எடுத்துக்கொண்டால் போதும். ஒரு ரிங் ஃப்ரேமில் 1,008 ஸ்பிண்டில்கள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு ஸ்பிண்டிலிலும் ஓர் இழை நூலாகிக் கோப்பில் சுற்றிக்கொண்டிருக்கும். அங்கங்கே இழை அறும். அறுந்த இடத்தில் பஞ்சு நூலாகாமல் உறிஞ்சு குழாய்க்குள் போய் நியூமாஃபில் கழிவாகச் சேரும். சைடர் எனப்படும் தொழிலாளி இயந்திரத்தின் பக்கவாட்டில் இடைவிடாமல் சுற்றி வந்து, அறுந்த இழைகளைக் கண்டுபிடித்து ஒட்ட வேண்டும். நடையை நிறுத்தினால் கழிவு கூடும், உற்பத்தி குறையும். கோப் நிறைந்ததும் அவற்றைக் கழற்றிக் காலிக் கோப்பை மாட்டுவது டாஃபிங். நூலின் கவுண்டைப் பொறுத்து இரண்டு, இரண்டரை மணி நேரத்துக்கு ஒருமுறை அது வரும்.

இந்த மில்லில் பகல் ஷிப்ட் காலை 7 மணி முதல் பிற்பகல் 3 வரை. ஆஃப் நைட் 3 முதல் இரவு 11 வரை. ஃபுல் நைட் 11 முதல் காலை 7 வரை. தொழிலாளர்கள் வாரம் ஒருமுறை ஷிப்ட் மாறுகிறார்கள். சூப்பர்வைசர்கள் மூவரும் அவரவர் ஷிப்டிலேயே நிலையாக இருக்கிறார்கள். எல்லா மில்லிலும் இப்படி இல்லை. பல இடங்களில் சூப்பர்வைசரும் தன் ஆட்களோடு சேர்ந்து சுற்றுவார். அந்த ஏற்பாட்டில் வேறொரு சிக்கல் உண்டு, அது பின்னால் வரும்.

மூன்று ஷிப்டும் ஒரே வேலைதான் என்று ஆபீசிலிருந்து பார்ப்பவருக்குத் தோன்றும். பகலில் ஸ்பின்னிங் மாஸ்டர் இருக்கிறார், பராமரிப்புக் குழு முழுசாக இருக்கிறது, எலெக்ட்ரீஷியன் கூப்பிட்ட குரலுக்கு வருகிறார், தரப் பரிசோதனைக் கூடம் திறந்திருக்கிறது. ஒரு ஸ்பிண்டில் டேப் அறுந்தால் அன்றே மாற்றிவிடுவார்கள். ஃபுல் நைட்டில் மொத்தப் பிரிவுக்கும் ஒரு ஃபிட்டர் இருந்தாலே பெரிது. அவர் வேறு இயந்திரத்தில் மாட்டிக்கொண்டால் டேப் அறுந்த ஸ்பிண்டில் காலைவரை சும்மாவே நிற்கும். ரிங் ஃப்ரேம் கூடத்தில் காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 55 முதல் 60 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். அது குறைந்தால் இழை அதிகமாக அறும். மிகுந்தால் பஞ்சு உருளைகளில் சுற்றிக்கொள்ளும். வெளிக்காற்று மாறும் நேரத்துக்குத் தக்கபடி ஈரப்பதக் கருவியைத் திருத்தப் பகலில் ஆள் உண்டு. இரவில் பெரும்பாலும் யாராவது நினைவு வந்தால்தான் உண்டு.

இவற்றோடு உடம்பும் சேர்ந்துகொள்கிறது. மனித உடலின் வெப்பநிலையும் விழிப்பும் விடியற்காலை மூன்றிலிருந்து ஐந்து மணிக்குள் மிகத் தாழ்ந்த இடத்துக்கு இறங்குகின்றன. இரவு வேலை முடித்துப் பகலில் தூங்குபவரின் தூக்கம் வழக்கத்தைவிடச் சில மணி நேரம் குறைகிறது. வாரம் ஒருமுறை மாறும் ஷிப்டில் உடல் இரவுக்குப் பழகுவதற்குள் பகல் வந்துவிடுகிறது. ஆக, அதே சைடர், அதே ஃப்ரேம், அதே கவுண்ட் என்றாலும் ஃபுல் நைட்டில் அவருடைய எண்கள் பகலைவிட மோசமாக இருக்கவே வாய்ப்பு அதிகம். அதற்கும் அவருடைய திறமைக்கும் தொடர்பு இல்லை.

இதற்கு மேல் சூப்பர்வைசரின் கை இருக்கிறது. சிலருக்குத் தாராளக் கை, சிலருக்கு இறுக்கமான கை. ஒரு நல்ல குணத்தைக் கண்டவர் மற்ற எல்லாவற்றுக்கும் சேர்த்து நல்ல மதிப்பெண் போட்டுவிடுவதும் உண்டு. அமெரிக்க உளவியலாளர் எட்வர்ட் தார்ன்டைக் 1920இல் ராணுவ அதிகாரிகள் தமக்குக் கீழே உள்ளவர்களுக்குப் போட்ட மதிப்பெண்களை ஆராய்ந்து இதைக் காட்டினார். உடற்கட்டுக்கும் அறிவுக்கும் தலைமைப் பண்புக்கும் தனித்தனியாகப் போட்ட மதிப்பெண்கள் நம்ப முடியாத அளவுக்கு ஒன்றோடொன்று ஒட்டிப்போயிருந்தன. 2000ஆம் ஆண்டில் ஸ்கலன், மவுண்ட், காஃப் ஆகிய மூன்று ஆய்வாளர்கள் ஆயிரக்கணக்கான மேலாளர்களின் மதிப்பெண்களைப் பிரித்துப் பார்த்தார்கள். மதிப்பெண்கள் ஏறி இறங்குவதில் பாதிக்கு மேற்பட்ட பங்கு, மதிப்பெண் வாங்கியவரின் வேலையால் வந்ததல்ல. போட்டவரின் தனிப் போக்கால் வந்தது.

இனி ஒரு கணக்கு. ஒரு காலாண்டில் 13 வாரங்கள்; வாரத்துக்கு ஆறு நாள் என்றால் 78 ஷிப்ட். ஒரு மூத்த சைடர், ஓர் இளைய சைடர் என்று இருவரை எடுத்துக்கொள்வோம். அட்டவணைப்படி இருவரும் மூன்று ஷிப்டிலும் சரிசமமாகச் சுற்றியிருக்க வேண்டும். நடப்பில் அப்படி நடப்பதில்லை. ஃபுல் நைட்டில் ஆள் குறையும்போதெல்லாம் “அக்காவைக் கூப்பிடு, அவங்க சமாளிப்பாங்க” என்று மூத்தவரையே போட்டுவிடுகிறார்கள். அதனால் அவர் பகலில் 18, ஆஃப் நைட்டில் 20, ஃபுல் நைட்டில் 40 ஷிப்ட் வேலை செய்திருக்கிறார். இளையவர் பகலில் 40, ஆஃப் நைட்டில் 26, ஃபுல் நைட்டில் 12.

மூத்தவருக்குப் பகல் சூப்பர்வைசர் 82 போட்டிருக்கிறார், ஆஃப் நைட் சூப்பர்வைசர் 77, ஃபுல் நைட் சூப்பர்வைசர் 68. இளையவருக்கு அதே வரிசையில் 79, 72, 62. எந்த ஷிப்டை எடுத்தாலும் மூத்தவரே முன்னால் நிற்கிறார். மூன்று சூப்பர்வைசர்களும் தனித்தனியாக, ஒருவருக்கொருவர் பேசிக்கொள்ளாமலே, அவரே மேல் என்று சொல்லியிருக்கிறார்கள்.

மனிதவளப் பிரிவு இப்போது ஷிப்ட் எண்ணிக்கைக்கு ஏற்பச் சராசரி எடுக்கிறது. அதிக நாள் பார்த்தவரின் சொல்லுக்கு அதிக எடை. கேட்க நியாயமாகவே இருக்கிறது. மூத்தவருக்கு 82ஐ 18ஆலும், 77ஐ 20ஆலும், 68ஐ 40ஆலும் பெருக்கிக் கூட்டினால் 5,736. அதை 78ஆல் வகுத்தால் 73.5. இளையவருக்கு அதே முறையில் 5,776ஐ 78ஆல் வகுத்தால் 74.1. மூன்று இடத்திலும் பின்தங்கியவர் மொத்தத்தில் முந்திவிட்டார். யாரும் பொய் மதிப்பெண் போடவில்லை, கூட்டலிலும் பிழை இல்லை. மூத்தவர் மதிப்பெண் குறைவாக விழும் ஷிப்டில் அதிக நாள் நின்றார், அவ்வளவுதான். சமாளிப்பார் என்று நம்பி அனுப்பியதற்கே அவர் விலை கொடுத்திருக்கிறார்.

இதைச் சரிசெய்ய எடையை எடுத்துவிட்டு மூன்று மதிப்பெண்ணையும் சும்மா கூட்டி மூன்றால் வகுக்கலாம் என்று தோன்றும். அப்படிச் செய்தால் மூத்தவருக்கு 75.7, இளையவருக்கு 71. இந்த இருவரின் வரிசை சரியாகிவிடும். ஆனால் இளையவரை 12 நாள் மட்டுமே பார்த்தவரின் சொல்லுக்கும் 40 நாள் பார்த்தவரின் சொல்லுக்கும் ஒரே எடை வந்துவிடும். வேறு ஒருவர் ஒரே ஒரு வாரம் ஃபுல் நைட் வந்து, அந்த வாரம் காய்ச்சலோடு வேலை செய்திருந்தால், அந்த ஆறு நாள் அவருடைய மூன்று மாதத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தின்றுவிடும்.

சரியான வரிசை வேறு. முதலில் ஒவ்வொரு சூப்பர்வைசரும் அந்தக் காலாண்டில் எல்லோருக்கும் போட்ட மதிப்பெண்ணின் சராசரியைக் காண வேண்டும். பகலில் அது 78, ஆஃப் நைட்டில் 72, ஃபுல் நைட்டில் 63 என்று வைத்துக்கொள்வோம். அடுத்து, ஒவ்வொருவரின் மதிப்பெண்ணும் அந்த ஷிப்டின் சராசரியிலிருந்து எவ்வளவு மேலே, எவ்வளவு கீழே என்று பார்க்க வேண்டும். மூத்தவர் பகலில் 4 மேலே, ஆஃப் நைட்டில் 5 மேலே, ஃபுல் நைட்டில் 5 மேலே. இளையவர் பகலில் 1 மேலே, ஆஃப் நைட்டில் சரியாகச் சராசரியில், ஃபுல் நைட்டில் 1 கீழே. இந்த வித்தியாசங்களுக்குத்தான் ஷிப்ட் எண்ணிக்கையை எடையாகக் கொடுக்க வேண்டும். மூத்தவருக்கு 372ஐ 78ஆல் வகுக்க 4.8 வருகிறது. இளையவருக்கு 28ஐ 78ஆல் வகுக்க 0.4. சராசரிக்கு நன்றாகவே மேலே ஒருவர், சராசரியிலேயே ஒருவர். மூன்று சூப்பர்வைசர்களும் கண்ணால் கண்டதும் இதுவே.

இந்தக் கழித்தலில் ஒரு வசதி இருக்கிறது. ஃபுல் நைட் மதிப்பெண் குறைந்ததற்குக் காரணம் இரவின் கஷ்டமா, சூப்பர்வைசரின் இறுக்கமான கையா என்று பிரித்துச் சொல்ல வேண்டியதில்லை. இரண்டும் அந்த ஷிப்டில் நின்ற எல்லோருக்கும் பொது என்பதால் இரண்டும் சேர்ந்தே கழிந்துபோகும். அதே காரணத்தால் இதை வைத்துக்கொண்டு ஃபுல் நைட் சூப்பர்வைசரைக் கறாரானவர் என்று குற்றம் சாட்டவும் முடியாது. அதைச் சொல்ல வேறு சான்று வேண்டும்.

ஆனால் இந்தக் கணக்கு ஒரு நிபந்தனையின்மேல் நிற்கிறது. மூன்று ஷிப்டிலும் சராசரியாகப் பார்த்தால் ஒரே தரத்து ஆட்கள் வந்துபோயிருக்க வேண்டும். புதிதாகச் சேர்ந்தவர்களை எல்லாம் ஃபுல் நைட்டில் குவித்து வைத்திருந்தால் அங்கே சராசரி குறைவது இரவால் அல்ல, ஆட்களால். அந்தக் குறைந்த சராசரியோடு ஒப்பிட்டால் அங்கே சுமாராக வேலை செய்பவரும் கெட்டிக்காரராகத் தெரிவார். இதைக் கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. மூன்று ஷிப்டிலும் போதுமான நாள் வேலை செய்தவர்களை மட்டும் தனியே எடுத்து, அவர்கள் ஒவ்வொருவரும் ஷிப்டுக்கு ஷிப்ட் எவ்வளவு ஏறி இறங்கினார்கள் என்று பார்க்க வேண்டும். முப்பது பேர் பகலைவிட ஃபுல் நைட்டில் சராசரியாக 15 மதிப்பெண் குறைவாக வாங்கியிருந்தால், ஆட்கள் அதே முப்பது பேர்தான் என்பதால் அந்த 15 ஷிப்டுக்கு உரியது. கழிக்க வேண்டிய அளவு அந்த முப்பது பேரிடமிருந்துதான் வர வேண்டும். மொத்தக் கூட்டத்திலிருந்து அல்ல.

சுழற்சிதான் இந்தச் சிக்கலைக் கொண்டுவந்தது. அதே சுழற்சிதான் தீர்வையும் தருகிறது. ஒரே ஆள் மூன்று பேர் கண்ணிலும் பட்டிருப்பதால்தான் மூன்று அளவுகோல்களையும் ஒன்றோடொன்று பொருத்திப் பார்க்க முடிகிறது. சூப்பர்வைசரும் தன் ஆட்களோடு சேர்ந்தே சுற்றும் மில்லில் இந்த வாய்ப்பு இல்லை. அங்கே ஒரு குழுவை எப்போதும் ஒரே ஆள்தான் பார்க்கிறார். ஒரு குழுவின் சராசரி 80, இன்னொன்றின் சராசரி 70 என்றால் குழு நல்லதா, கை தாராளமா என்று எந்தக் கணக்காலும் சொல்ல முடியாது. அங்கே செய்யக்கூடியது, காலாண்டுக்கு இரண்டு வாரமாவது சில தொழிலாளர்களைக் குழு மாற்றிப் போட்டு, ஒரே ஆளை இரண்டு சூப்பர்வைசர்கள் பார்க்கும்படி செய்வதுதான்.

எல்லோரும் மூன்று ஷிப்டுக்கும் வருவதில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். பெண்களுக்கு இரவு வேலையைத் தடுத்த தொழிற்சாலைகள் சட்டப் பிரிவு செல்லாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2000ஆம் ஆண்டில் தீர்ப்பளித்தது. அதன் பின்னும் குடும்பம், பயணம் போன்ற காரணங்களால் இரண்டு ஷிப்ட் மட்டுமே வருபவர்கள் உண்டு. ஷிப்ட் சராசரியோடு ஒப்பிடும் முறையில் இவர்களுக்கு நஷ்டமும் இல்லை, லாபமும் இல்லை. நேரடிச் சராசரியில்தான் ஃபுல் நைட் வராதவர் சும்மாவே மேலே மிதப்பார்.

மிகக் குறைந்த நாள் பார்த்தவரின் மதிப்பெண்ணை என்ன செய்வது என்பதற்கு முன்கூட்டியே ஒரு விதி வேண்டும். பத்து ஷிப்டுக்குக் கீழே பார்த்திருந்தால் அந்தக் காலாண்டில் அதைச் சேர்க்காமல், குறிப்பை மட்டும் அடுத்த காலாண்டுக்கு எடுத்துச் செல்வது நடைமுறைக்கு ஏற்றது. படிவத்தில் “பார்க்கவில்லை” என்று ஒரு கட்டமும் இருக்க வேண்டும். அது இல்லாத இடத்தில் பார்க்காதவர் நடுவில் ஒரு எண்ணைப் போட்டுவிடுவார். அந்த எண் நல்லவரைக் கீழே இழுக்கும், மோசமானவரை மேலே தூக்கும்.

கணக்கு எவ்வளவு சரியாக இருந்தாலும் அதற்குள் போகும் மதிப்பெண் தவறான ஆளின் பெயரில் எழுதப்பட்டிருந்தால் பயனில்லை. அப்படிப் பெயர் மாறிப்போகும் இடம் பெரும்பாலும் ஷிப்ட் மாறும் அந்தப் பத்து நிமிடம்.

இரவு 10:45. ஒரு ஃப்ரேமில் கோப் நிறைந்துவிட்டது. இப்போதே டாஃப் எடுக்கலாம். எடுத்தால் மறுபடி ஓடத் தொடங்கும்போது வரிசையாக இழைகள் அறும். டாஃப் முடிந்து ஓட்டம் ஆரம்பிக்கும் நேரத்தில் அறுப்பு மிகுவது எல்லா ரிங் ஃப்ரேமிலும் உள்ளதுதான். அவற்றை ஒட்டி முடிக்க மணி 11 தாண்டிவிடும். வீட்டுக்குப் போகும் பஸ் வாசலில் நிற்கிறது. எனவே இயந்திரத்தை இன்னும் கொஞ்சம் ஓடவிட்டு, டாஃபை அடுத்தவர் தலையில் விட்டுவிடுகிறார்கள். கடைசிக் கால் மணி நேரத்தில் அறுந்த இழைகளையும் யாரும் ஒட்டவில்லை. 11 மணிக்கு ஹேங்க் மீட்டரில் எண் எழுதப்படுகிறது. ஆஃப் நைட்டின் உற்பத்தி நன்றாக இருக்கிறது. ஃபுல் நைட் சைடர் உள்ளே வரும்போது 1,008 ஸ்பிண்டிலில் முப்பது சும்மா நிற்கின்றன, கோப் வழிகிறது, டாஃப் காத்திருக்கிறது. 11:20க்குச் சூப்பர்வைசர் முதல் ரவுண்டு வருகிறார். அவர் கண்ணில் படுவது, அறுந்த இழைகள் நிறைந்த ஒரு ஃப்ரேமும் அதன் முன்னால் தடுமாறும் ஒரு தொழிலாளியும். அவருடைய நோட்டில் என்ன எழுதப்படும் என்பது தெரிந்ததே.

இதற்கு மருந்து விலை குறைந்தது, பிடிவாதமாகச் செய்ய வேண்டியது. வரும் சூப்பர்வைசர் கால் மணி நேரம் முன்னதாக வந்து, போகும் சூப்பர்வைசரோடு சேர்ந்து ஒரு ரவுண்டு நடக்க வேண்டும். ஒவ்வொரு ஃப்ரேமிலும் சும்மா நிற்கும் ஸ்பிண்டில் எத்தனை, பழுதாகி நிற்பது எத்தனை, டாஃப் எந்த நிலையில் என்று பலகையில் எழுதி இருவரும் கையெழுத்திட வேண்டும். அந்த எண் போகும் ஷிப்டின் கணக்கில் சேர வேண்டும். புதிதாக வந்தவருக்கு அதைச் சரிசெய்ய ஒரு நேரம், உதாரணமாக அரை மணி, ஒதுக்கி, அதன் பிறகுதான் அவர் கணக்கு தொடங்க வேண்டும். டாஃப் நேரம் ஷிப்ட் முடிவுக்குப் பத்து நிமிடத்துக்குள் விழுந்தால் யார் எடுப்பது என்பதும் எழுதப்பட்ட விதியாக இருக்க வேண்டும். காலையில் தரப் பரிசோதனையில் பிடிபடும் குறைகளுக்கும் இதே கதைதான். குறை பிடிபட்ட நேரம் அல்ல, அந்தக் கோப் சுற்றப்பட்ட நேரம்தான் பொறுப்பைத் தீர்மானிக்க வேண்டும். கோப் பெட்டியில் ஷிப்டும் ஃப்ரேம் எண்ணும் எழுதிய சீட்டு இருந்தால் அது தெரிந்துவிடும்.

அடுத்தது, சூப்பர்வைசர் தன் ஷிப்டிலேயே எவ்வளவு பார்க்கிறார் என்பது. ஃபுல் நைட்டில் ஓர் இயந்திரம் படுத்துவிட்டால் அவர் ஒன்றரை மணி நேரம் அங்கேயே நிற்பார். மீதிப் பேரை அவர் பார்ப்பது போகிற போக்கில்தான். அப்படிப் பார்க்கும்போது நின்றுகொண்டிருப்பவர் சோம்பேறி, நடந்துகொண்டிருப்பவர் உழைப்பாளி என்று மனதில் பதிந்துவிடுகிறது. இந்தச் சிக்கலுக்கு ஜவுளித் தொழிலிலேயே பிறந்த ஒரு தீர்வு இருக்கிறது. பிரிட்டிஷ் பருத்தித் தொழில் ஆராய்ச்சி நிலையத்தில் புள்ளியியலாளராக இருந்த எல்.ஹெச்.சி. டிப்பெட் 1930களில் ‘ஸ்னாப் ரீடிங்’ என்ற முறையை உருவாக்கினார். ஓர் இயந்திரத்தின் முன்னால் நாள் முழுக்க நின்று பார்ப்பதற்குப் பதிலாக, முன்பின் தெரியாத நேரங்களில் ஒரு ரவுண்டு போய், அந்தக் கணத்தில் எத்தனை ஓடுகின்றன, எத்தனை நிற்கின்றன என்று மட்டும் எண்ணுவது. ஒரு ரவுண்டு எதையும் சொல்லாது. நிறைய ரவுண்டு சேர்ந்தால் உண்மைக்கு மிக அருகில் வந்துவிடும்.

இதை மதிப்பீட்டுக்குக் கொண்டுவருவது எளிது. ஒரு ஷிப்டுக்கு மூன்று ரவுண்டு, நேரத்தைச் சீட்டுக் குலுக்கி எடுப்பது. 78 ஷிப்டில் ஒரு சைடருக்கு 234 எண்ணிக்கை சேரும். குலுக்கல் முக்கியம். சூப்பர்வைசர் தன் வசதிப்படி போனால் டீ நேரத்துக்கு முன்னும் பின்னும் போவார், அதிகாலை நான்கு மணிக்குப் போகமாட்டார், அல்லது நான்கு மணிக்கு மட்டும்தான் போவார். இரண்டும் படத்தைக் கோணலாக்கும். இப்படி எண்ணியவற்றையும் நேரடியாக ஒப்பிடக்கூடாது. 60ஆம் கவுண்ட் ஓடும் பழைய ஃப்ரேமும் 40ஆம் கவுண்ட் ஓடும் புதிய ஃப்ரேமும் ஒன்றல்ல. மேலே மதிப்பெண்ணுக்குச் செய்த அதே கழித்தலை ஃப்ரேமுக்கும் ஷிப்டுக்கும் சேர்த்துச் செய்ய வேண்டும்.

எண்ணில் அடங்காத வேலையும் உண்டு: புதியவருக்கு ஒட்டக் கற்றுக்கொடுப்பது, உருளையில் பஞ்சு சுற்றுவதைத் தீப்பிடிப்பதற்கு முன் கவனிப்பது, பக்கத்து ஃப்ரேம்காரர் கழிப்பறைக்குப் போனால் அவர் பக்கத்தையும் சேர்த்துப் பார்ப்பது. இவற்றை “ஒத்துழைப்பு: நன்று, சுமார், மோசம்” என்று கேட்டால் மூன்று சூப்பர்வைசருக்கும் ‘நன்று’ மூன்று பொருள் தரும். 1963இல் பேட்ரிஷியா ஸ்மித், எல்.எம். கெண்டல் இருவரும் இதற்கு ஒரு வழி கண்டார்கள். அவர்கள் எடுத்துக்கொண்டது மருத்துவமனைச் செவிலியர்களை. அதுவும் ஷிப்ட் வேலைதான். தலைமைச் செவிலியர்களையே கூப்பிட்டு, அளவுகோலின் ஒவ்வொரு படிக்கும் எதிரே உண்மையான வேலைச் சம்பவங்களை எழுத வைத்தார்கள்.

நூற்பாலையில் இதையே செய்யலாம். மூன்று சூப்பர்வைசர்களும் ஒரு பிற்பகல் உட்கார்ந்து, ‘சுற்று வருதல்’ என்பதற்கு உயர்ந்த படி எது என்று எழுதட்டும்: “ஒரே பாதையில் இடைவிடாமல் வருவார், பல இழைகள் அறுந்த இடத்தில் நின்றுவிடாமல் சிலவற்றை ஒட்டிவிட்டு மறுபக்கத்தையும் பார்த்துவிட்டுத் திரும்புவார்.” நடுப்படி: “சுற்று ஒழுங்காக இருக்கும், ஓரிடத்தில் நிறைய அறுந்தால் அங்கேயே நின்றுவிடுவார்.” கீழ்ப்படி: “கூப்பிட்டுச் சொன்னால்தான் மறுபக்கம் போவார்.” இப்படி எழுதிய பிறகு இரவில் பார்த்தவரும் பகலில் பார்த்தவரும் ஒரே வார்த்தையால் ஒரே காட்சியைக் குறிக்கிறார்கள். கைநோட்டில் தேதியோடு ஒரு வரி எழுதும் பழக்கமும் கூடவே வேண்டும். வாரத்தில் ஆளுக்கு ஒரு வரி போதும். இல்லாவிட்டால் மூன்று மாதத்து மதிப்பெண் கடைசிப் பத்து நாளின் நினைவிலிருந்துதான் வரும். அந்தப் பத்து நாளில் யார் எந்த ஷிப்டில் இருந்தார் என்பது வெறும் தற்செயல்.

மூவரின் மதிப்பெண்களும் சேரும் கூட்டத்தில் கவனிக்க வேண்டிய ஆள் பகல் சூப்பர்வைசர். அவர் கெட்டவர் என்பதல்ல. ஸ்பின்னிங் மாஸ்டரோடும் மேனேஜரோடும் தினமும் பேசுபவர் அவர். ஃபுல் நைட் சூப்பர்வைசர் தூக்கக் கலக்கத்தோடு காலை கூட்டத்துக்கு வந்திருப்பார், சீக்கிரம் முடிந்தால் போதும் என்றிருப்பார். பேச்சில் தொடங்கினால் பகல் ஷிப்டின் பார்வையே எல்லோருடைய பார்வையாகிவிடும். அதனால் மூவரும் மதிப்பெண்ணை எழுதி மூடிக் கொடுத்த பிறகே கூட்டம் தொடங்க வேண்டும். ஒரு தொழிலாளியைப் பற்றி அவரை அதிக ஷிப்ட் பார்த்தவர் முதலில் பேச வேண்டும். ஒருவர் தன் எண்ணை மாற்ற விரும்பினால், மாற்றுவதற்குக் காரணமான சம்பவத்தைச் சொல்ல வேண்டும். “எல்லாரும் அப்படிச் சொல்றாங்க” என்பது காரணமாகாது. கூட்டத்தை ஆஃப் நைட் தொடங்கும் நேரத்தை ஒட்டி வைத்தால் மூவருக்கும் ஓரளவு ஒத்துவரும்.

ஒருவர் பகலில் சராசரிக்கு 6 மேலே, ஃபுல் நைட்டில் 6 கீழே என்று வந்தால் என்ன செய்வது? எடை போட்டுக் கூட்டினால் பூச்சியத்துக்கு அருகில் வந்து, அவர் சாதாரணத் தொழிலாளி என்று பதிவாகிவிடுவார். அது உண்மையல்ல. இரவைத் தாங்கும் சக்தி எல்லோருக்கும் ஒன்றுபோல் இல்லை. வயதோடு அது குறைகிறது. பகலில் தூங்கக் கிடைக்கும் இடமும் வேறுபடுகிறது. ஒற்றை அறை வீட்டில் இரண்டு சின்னக் குழந்தைகளோடு இருப்பவருக்கும், தனி அறையில் இருப்பவருக்கும் அதே தூக்கம் வாய்க்காது. எனவே இறுதித் தாளில் ஓர் எண் மட்டும் போகாமல், மூன்று வித்தியாசங்களும், அவற்றின் எதிரே பார்த்த ஷிப்ட் எண்ணிக்கையும் போக வேண்டும். ஒரு ஷிப்டில் மட்டும் ஆழமாக விழுபவரின் தாள் அவரை எங்கே போடுவது என்ற கேள்வியைத்தான் எழுப்புகிறது. சம்பளத்தைக் குறைக்க அது காரணமாகக் கூடாது. அதே வித்தியாசம் அந்தச் சூப்பர்வைசரோடு உள்ள தனிப்பட்ட மனக்கசப்பாலும் வரலாம். ஸ்னாப் ரீடிங் எண்களும் நியூமாஃபில் கழிவின் எடையும் அந்த ஷிப்டில் நன்றாக இருந்து மதிப்பெண் மட்டும் விழுந்திருந்தால், பார்க்க வேண்டியது தொழிலாளியை அல்ல.

மதிப்பெண்களின் பரப்பையும் ஒருமுறை பார்த்துவிட வேண்டும். ஒரு சூப்பர்வைசர் எல்லோருக்கும் 60க்கும் 66க்கும் இடையிலேயே போட்டு, இன்னொருவர் 40 முதல் 95 வரை போட்டிருந்தால், கூட்டும்போது இரண்டாமவரின் கருத்தே மொத்தத்தையும் ஆளும். அப்போது மதிப்பெண்ணை விட்டுவிட்டு, ஒவ்வொரு ஷிப்டிலும் யார் எத்தனையாவது இடம் என்பதை எடுத்துக்கொள்வது பாதுகாப்பானது.

முறை சரியாக வேலை செய்கிறதா என்று தெரிந்துகொள்ள ஒரு சோதனை உண்டு. இறுதி வரிசைப் பட்டியலின் பக்கத்தில் ஒவ்வொருவரும் எத்தனை ஃபுல் நைட் செய்தார் என்று எழுதிப் பார்க்க வேண்டும். மேலே இருப்பவர்களுக்கும் கீழே இருப்பவர்களுக்கும் அந்த எண்ணிக்கை ஏறத்தாழ ஒன்றாகவே இருக்க வேண்டும். கீழே போகப்போக ஃபுல் நைட் கூடிக்கொண்டே போனால், மதிப்பெண் இன்னும் ஷிப்டையே அளந்துகொண்டிருக்கிறது. மோசமானவர்களைத் தெரிந்தே இரவுக்கு அனுப்பியிருந்தால் மட்டும் அதற்கு வேறு விளக்கம் உண்டு. அந்தத் தாளைத் தொழிலாளிக்கும் காட்ட வேண்டும். எந்த வாரம் யார் இடத்தில் ஃபுல் நைட்டுக்கு நின்றோம் என்பது அவருக்குத்தான் சரியாக நினைவிருக்கும். ஷிப்ட் எண்ணிக்கையில் பிழை இருந்தால் அதை முதலில் கண்டுபிடிப்பவர் பெரும்பாலும் அவர்தான்.